எடை எவ்வளவு ஆடுகிறது? மாறற்றிறனுக்கு நம்பிக்கை ஆயிடை காணும் வழி

கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கம் மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி செய்யும் சிறிய ஆலை ஒன்று இருக்கிறது. நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து செத்தல் மிளகாய் மூட்டைகள் வந்து இறங்கும், பின்பக்கத்தில் அரைவை, முன்பக்கத்தில் 100 கிராம் பொதிகளை நிரப்பும் இயந்திரம். மாதத்தில் இரண்டு நாள் அங்கே போய் எடைப் பதிவுகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒருநாள் முதலாளி என்னிடம் கேட்டார்: "தம்பி, சராசரி 100 கிராமுக்கு மேலேதான் நிற்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த இயந்திரம் எவ்வளவு ஆடுகிறது? அதற்கு ஒரு கணக்குச் சொல்லும்."

அவர் கேட்டது சரியான கேள்வி. சராசரி 100.6 கிராம் என்றாலும், எடைகள் மேலும் கீழுமாக நிறைய ஆடினால் பல பொதிகள் 100 கிராமுக்குக் குறைந்துவிடும். அப்படி நடக்காமல் இருக்கவேண்டுமானால் எல்லாப் பொதிகளிலும் கொஞ்சம் கூடுதலாகப் போடவேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை ஆட்டத்தின் அளவு தீர்மானிக்கிறது. அந்த ஆட்டத்தை அளக்கும் எண்தான் மாறற்றிறன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதையே விலக்க வர்க்கச் சராசரி என்கிறார்கள். அதன் வர்க்கமூலம் நியம விலகல்.

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு கணக்கைத்தான் செய்யப்போகிறோம். சில பொதிகளை மட்டும் நிறுத்துப் பார்த்து, இயந்திரத்தின் உண்மையான மாறற்றிறன் எந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்று கைவர்க்க அட்டவணையைக் கொண்டு சொல்வது. அந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட பகுதிதான் நம்பிக்கை ஆயிடை. கணக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அது ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: பொதிகளின் எடைகள் செவ்வன் பரம்பலில், அதாவது மணி வடிவப் பரம்பலில், இருக்கவேண்டும். வகுப்பில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த நிபந்தனையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். மாணவர்கள் தவறுவதும் தொழிற்சாலைகள் தவறுவதும் அங்கேதான்.

பொதிகளை எடுப்பது

முதலில் 16 பொதிகளை எடுத்தோம். பட்டியிலிருந்து அடுத்தடுத்து வரும் 16 பொதிகளை அள்ளிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் அந்த இரண்டு நிமிட ஆட்டம் மட்டுமே தெரியும். தூள் கொட்டும் புனலில் தூளின் உயரம் குறையும்போது நிரப்பும் அளவும் மெல்ல மாறும். அந்த மாற்றம் மாதிரியில் வராமலே போய்விடும். அத்துடன் அடுத்தடுத்த பொதிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்; நம் சூத்திரமோ ஒவ்வொரு எடையும் மற்றவற்றைச் சாராதது என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒருநாள் வேலை நேரம் முழுவதிலும் அரை மணிக்கு ஒன்றாக எடுத்தோம்.

இன்னொரு சிறு விடயம். பொதியை உறையோடு நிறுத்தால் உறையின் எடை ஆட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு பொதியையும் வெட்டி, தூளை ஒரே கிண்ணத்தில் கொட்டி நிறுத்தோம். தராசு 0.1 கிராம் வரை காட்டும் இலத்திரனியல் தராசு. ஒரு கிராம் அளவிலான ஆட்டத்தை அளக்க அது போதும்.

கிடைத்த எடைகள், எடுத்த வரிசையிலேயே, கிராமில்:

101.2, 99.4, 100.7, 102.1, 100.3, 98.9, 101.6, 100.5, 99.8, 100.9, 101.0, 99.1, 102.6, 100.1, 100.4, 101.0

வர்க்கங்களின் கூட்டுத்தொகை

16 எடைகளின் சராசரி 100.6. ஒவ்வொரு எடையிலிருந்தும் இதைக் கழிக்கவேண்டும். முதலாவது பொதிக்கு 0.6, இரண்டாவதற்கு −1.2, மூன்றாவதற்கு 0.1 என்று வரும். பதினாறையும் கழித்த பின் அந்த விலகல்களைக் கூட்டிப் பாருங்கள், பூச்சியம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ கழித்தலில் பிழை. மேலே போகாமல் அங்கேயே நின்று திருத்துங்கள்.

பிறகு ஒவ்வொரு விலகலையும் வர்க்கித்துக் கூட்டினால் 15.64 கிடைக்கிறது. இதை 16 ஆல் அல்ல, 15 ஆல் வகுக்கிறோம். சராசரியையும் இதே எடைகளிலிருந்துதான் எடுத்தோம். விலகல்கள் கூடிப் பூச்சியமாகவேண்டும் என்பதால், 15 விலகல்கள் தெரிந்தால் பதினாறாவது தானாகவே தெரிந்துவிடுகிறது. சுதந்திரமாக ஆடக்கூடியவை 15 மட்டுமே. இந்த 15 தான் சுயாதீனப் படிகளின் எண்ணிக்கை. 15.64 ஐ 15 ஆல் வகுத்தால் மாதிரியின் மாறற்றிறன் 1.04; நியம விலகல் 1.02 கிராம்.

இங்கேயே நின்று "இயந்திரம் ஒரு கிராம் ஆடுகிறது" என்று முதலாளியிடம் சொல்லிவிடலாம். ஆனால் நாளை வேறு 16 பொதிகளை எடுத்தால் வேறு எண் வரும். எவ்வளவு வேறாக வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் பதில் முழுமையாகிறது.

அட்டவணை எங்கே உதவுகிறது

இயந்திரத்தின் உண்மையான மாறற்றிறனை σ² என்று வைப்போம். அது நமக்குத் தெரியாது. எடைகள் செவ்வன் பரம்பலில் இருந்தால், விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை σ² ஆல் வகுக்க வரும் எண், மாதிரிக்கு மாதிரி மாறினாலும், எப்படி மாறும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். அது 15 சுயாதீனப் படிகள் கொண்ட கைவர்க்கப் பரம்பலைப் பின்பற்றும். செர்மானிய நில அளவையியலாளர் ஹெல்மெர்ட் 1870களில் நிறுவிய முடிவு இது.

கைவர்க்கப் பரம்பல் பூச்சியத்துக்குக் கீழே போகாது. வலப்பக்கம் நீண்டு செல்லும். ஆகவே சமச்சீரான "கூட்டல் கழித்தல் இவ்வளவு" என்ற வடிவம் இங்கே கிடையாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக எல்லை பார்க்கவேண்டும். 95 சதவீதத்துக்கு, இடப்பக்கம் 2.5 சதவீதத்தையும் வலப்பக்கம் 2.5 சதவீதத்தையும் வெட்டுகிறோம். 15 படிகளுக்கான வரிசையில் அந்த இரண்டு எண்களும் 6.262, 27.488.

அட்டவணையில் தலைப்பைக் கவனமாகப் படியுங்கள். சில அட்டவணைகள் ஓர் எண்ணுக்கு வலப்பக்கமுள்ள பரப்பைத் தருகின்றன, சில இடப்பக்கமுள்ள பரப்பைத் தருகின்றன. 0.975 என்ற நிரல் ஒன்றில் 6.262 ஐத் தரும், மற்றதில் 27.488 ஐத் தரும். இரண்டு எண்களும் 15 க்கு இருபுறமும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும். கைவர்க்கப் பரம்பலின் சராசரி அதன் சுயாதீனப் படிகளுக்குச் சமம். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் வரிசை மாறிவிட்டது.

இப்போது சொல்லக்கூடியது இது: விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை σ² ஆல் வகுத்த எண் 6.262 க்கும் 27.488 க்கும் இடையில் இருக்கும் என்பதற்கு நிகழ்தகவு 0.95. இதைப் புரட்டி σ² ஐத் தனியே எடுத்து, நம் மாதிரியின் 15.64 ஐ இட்டால்:

```
15.64 / 27.488 < σ² < 15.64 / 6.262
0.57 < σ² < 2.50
```

பெரிய எண்ணால் வகுத்தால் கீழ் எல்லை வருகிறது, சிறிய எண்ணால் வகுத்தால் மேல் எல்லை வருகிறது. தேர்வுத் தாள்களில் நான் அதிகம் திருத்துவது இந்த இடத்தில்தான். மாணவர்கள் சிறியதைக் கீழேயும் பெரியதை மேலேயும் வைத்துப் பழகியவர்கள். கீழ் எல்லை மேல் எல்லையைவிடப் பெரிதாக வந்தால் காரணம் இதுவே.

மாறற்றிறனின் அலகு கிராமின் வர்க்கம். முதலாளிக்கு அது புரியாது; புரியவேண்டிய தேவையும் இல்லை. இரண்டு எல்லைகளுக்கும் வர்க்கமூலம் எடுத்தால் நியம விலகலுக்கான ஆயிடை கிடைக்கும்: 0.75 கிராம் முதல் 1.58 கிராம் வரை.

கணினியில் எடைகள் முதல் நிரலில் இருந்தால் எக்செலில் மூன்றே வரிகள்:

```
=DEVSQ(A1:A16)
=DEVSQ(A1:A16)/CHISQ.INV.RT(0.025,15)
=DEVSQ(A1:A16)/CHISQ.INV.RT(0.975,15)
```

முதல் வரி 15.64 ஐத் தரும். அடுத்த இரண்டும் கீழ், மேல் எல்லைகள். கையால் ஒருமுறை செய்த பிறகு இதைப் பயன்படுத்துங்கள். அப்போதுதான் எண் பிசகும்போது கண்ணில் படும்.

இந்த ஆயிடை என்ன சொல்கிறது

மணி வடிவத்தில் சராசரியிலிருந்து 1.96 நியம விலகல் கீழே போனால், அதற்கும் கீழே 2.5 சதவீதப் பொதிகளே இருக்கும். ஆகவே 100 கிராமுக்குக் குறைந்த பொதிகள் அந்த அளவைத் தாண்டக் கூடாது என்று முதலாளி விரும்பினால், உண்மையான நியம விலகல் 0.75 ஆக இருக்கும்போது சராசரியை 101.5 கிராமில் வைத்தால் போதும். 1.58 ஆக இருந்தால் 103.1 கிராமில் வைக்கவேண்டும். இடையே ஏறத்தாழ 1.6 கிராம். பத்தாயிரம் பொதிகளுக்கு அது 16 கிலோ மிளகாய்த்தூள். செத்தல் மிளகாய் விற்கும் விலையில் அதைச் சும்மா கொடுக்க யாருக்கும் மனம் வராது.

நான் முதலாளியிடம் அப்படித்தான் சொன்னேன்: பதினாறு பொதிகளைக் கொண்டு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மேல் எல்லை கீழ் எல்லையின் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். 101 பொதிகளை நிறுத்தால் நியம விலகலின் மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் 1.32 மடங்காகச் சுருங்கும். மாறற்றிறனை நெருக்கமாகப் பிடிப்பது, சராசரியைப் பிடிப்பதைவிடக் கடினம் என்பதை அவர் அன்றுதான் ஒப்புக்கொண்டார்.

95 சதவீதம் என்பதன் பொருளையும் அவருக்குச் சொன்னேன். உண்மையான நியம விலகல் 0.75 க்கும் 1.58 க்கும் இடையில் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்பது அல்ல. இதே முறையில் நூறு நாள் நூறு மாதிரி எடுத்து நூறு ஆயிடை போட்டால், ஏறத்தாழ 95 ஆயிடைகள் உண்மையான எண்ணைத் தமக்குள் பிடித்திருக்கும் என்பதே. இந்த வாக்குறுதியைத்தான் செவ்வன் நிபந்தனை காப்பாற்றித் தருகிறது; அது உடைந்தால் வாக்குறுதியும் உடைகிறது.

ஒரு கட்டி விழுந்த நாள்

மழைக்காலத்தில் ஒருநாள். காற்றில் ஈரம் அதிகம். மூட்டையின் வாயைத் திறந்தே வைத்துவிட்டார்கள். தூள் ஈரத்தை இழுத்து ஆங்காங்கே கட்டி பிடித்திருந்தது. அன்று எடுத்த 16 பொதிகளில் ஒன்றில் அப்படி ஒரு கட்டி விழுந்து, எடை 105.0 கிராம் வந்தது.

அதன் விளைவைத் துல்லியமாகப் பார்ப்பதற்காக, மேலே உள்ள அதே பட்டியலில் கடைசி எடையான 101.0 ஐ எடுத்துவிட்டு 105.0 ஐப் போடுவோம். மற்றப் பதினைந்தும் அப்படியே. சராசரி 100.6 இலிருந்து 100.85 ஆகிறது, பெரிய மாற்றம் இல்லை. ஆனால் விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 15.64 இலிருந்து 33.84 க்குத் தாவுகிறது. மாறற்றிறன் 2.26. அதற்கான ஆயிடை 1.23 முதல் 5.40 வரை.

புதிய கீழ் எல்லை 1.23, பழைய மாதிரியின் மாறற்றிறனே 1.04 தான். பதினாறில் ஒரே ஒரு பொதி, முந்தைய விடையை ஆயிடைக்கு வெளியே தள்ளிவிட்டது. கட்டி விழாத நாளில் எடுத்த மாதிரி ஒன்று "ஆட்டம் இவ்வளவுதான்" என்று உறுதியாகச் சொல்லும். விழுந்த நாளில் எடுத்தது வேறொன்றை அதே உறுதியுடன் சொல்லும். இரண்டும் தம்மை 95 சதவீதம் என்றே அழைத்துக்கொள்ளும்.

மாதிரியைப் பெரிதாக்கினால் சரியாகுமா

ஆகாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, ஏனென்றால் சராசரிக்கு அது சரியாகிவிடுகிறது. எடைகள் மணி வடிவத்தில் இல்லாவிட்டாலும், மாதிரி பெரிதாகப் பெரிதாக அவற்றின் சராசரி மணி வடிவத்தை நெருங்கும். சராசரிக்கான ஆயிடை நம்பத்தக்கதாகிவிடும். அந்தப் பழக்கத்தில் மாறற்றிறனுக்கும் "முப்பதுக்கு மேல் எடுத்தால் போதும்" என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. ஏன் என்று பொறுமையாகப் பார்ப்போம்.

மாறற்றிறன் என்பது வர்க்கித்த விலகல்களின் சராசரி. ஆகவே அது எவ்வளவு ஆடும் என்பது, வர்க்கித்த விலகல்கள் தமக்குள் எவ்வளவு ஆடுகின்றன என்பதைப் பொறுத்தது. செவ்வன் பரம்பலில் வர்க்கித்த விலகல்களின் மாறற்றிறன் எப்போதும் σ⁴ இன் 2 மடங்கு. இந்த 2 கைவர்க்க அட்டவணைக்குள் தைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கட்டிகள் விழும் ஆலையில், அதாவது நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் நீண்டும் இருக்கும் பரம்பலில், அந்த 2 வேறு எண்ணாகிறது. அதைப் பொதுவாக 2 + γ என்று எழுதலாம். செவ்வன் பரம்பலுக்கு γ பூச்சியம். ஓரங்கள் தடித்திருந்தால் γ நேர் எண். ஓரங்கள் சட்டென்று வெட்டி நின்றால் மறை எண். எக்செலில் `KURT` என்ற கட்டளை மதிப்பிடுவது இந்த γ ஐத்தான்.

γ இன் மதிப்பு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அங்கே 5 இருக்கவேண்டும். அட்டவணை 2 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. மாதிரியைப் பத்து மடங்கு ஆக்கினால் 5 உம் பத்தால் வகுபடும், 2 உம் பத்தால் வகுபடும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் 2.5 ஆகவே நிற்கும். ஆயிடை குறுகிக்கொண்டே போகும், ஆனால் தேவையான அகலத்தைவிட எப்போதும் ஏறத்தாழ 1.58 மடங்கு குறுகலாகவே இருக்கும், 1.58 என்பது 2.5 இன் வர்க்கமூலம். பெரிய மாதிரிகளில் இந்த "95 சதவீத" ஆயிடை உண்மையான எண்ணைப் பிடிப்பது ஏறத்தாழ 78 சதவீதத் தடவைகளில் மட்டுமே. γ ஆனது 6 ஆகும்போது, காத்திருப்பு நேரங்களுக்குப் பயன்படும் அடுக்குக்குறிப் பரம்பலில் இருப்பதுபோல, அது 67 சதவீதம் வரை இறங்குகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு எல்லைகளுக்கிடையில் எல்லா மதிப்புகளும் சமமாக வரும் பரம்பலில் γ ஆனது −1.2, அங்கே ஆயிடை தேவைக்கு மேல் அகன்று, 99 சதவீதத்துக்கும் மேல் பிடிக்கிறது. மாறற்றிறன் சோதனைகளின் இந்தப் பலவீனத்தை 1953 இல் ஜார்ஜ் பாக்ஸ் விரிவாக எடுத்துக்காட்டினார்.

ஆகவே, மாதிரி சிறிதோ பெரிதோ, செவ்வன் நிபந்தனையைப் பார்த்தே ஆகவேண்டும்.

எப்படிப் பார்ப்பது

நான் முதலில் எந்தச் சோதனையையும் ஓட்டுவதில்லை. எடைகளை எடுத்த நேர வரிசையில் புள்ளிகளாகக் குறிக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை மெல்ல இறங்கினால் புனலையோ அமைப்பையோ பார்க்கவேண்டும். அங்கே பரம்பலின் வடிவத்தைப் பேசுவதில் பொருளில்லை. நம் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் கலந்தே வருகின்றன.

அடுத்து, எடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். பக்கத்து நிரலில், செவ்வன் பரம்பலிலிருந்து வந்திருந்தால் ஒவ்வோர் இடத்திலும் எந்த மதிப்பை எதிர்பார்ப்போம் என்பதை எழுதவேண்டும். முதல் வரியிலிருந்தே எடைகள் தொடங்கினால் இந்த வரி அதைச் செய்யும்:

```
=NORM.S.INV((ROW()-0.5)/16)
```

முதலாவது −1.86, கடைசி 1.86 என்று வரும். இந்த நிரலைக் கிடையச்சிலும் எடைகளை நிலைக்குத்தச்சிலும் வைத்துப் புள்ளி வரைந்தால், செவ்வன் பரம்பலில் இருந்து வந்த எடைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் நிற்கும்.

நம் முதல் பட்டியலில் மிகச் சிறிய எடை 98.9, கோடு எதிர்பார்ப்பது 100.6 இலிருந்து 1.86 நியம விலகல் கீழே, அதாவது 98.7. மிகப் பெரியது 102.6, கோடு எதிர்பார்ப்பது 102.5. ஓரங்கள் இரண்டும் கோட்டை ஒட்டியே நிற்கின்றன. கட்டி விழுந்த பட்டியலில் கோடு உச்சியில் 103.6 ஐ எதிர்பார்க்கிறது, புள்ளி 105.0 இல் தனியே எழும்பி நிற்கிறது. அதற்கு அடுத்த புள்ளி 102.6, கோட்டுக்குச் சற்றுக் கீழே. ஒரே ஒரு புள்ளி மற்றவற்றை விட்டுப் பறந்து நிற்பதை வரைபடத்தில் கண் உடனே பிடித்துவிடும்.

கண்ணால் பார்க்கும்போது ஓரங்களையே பாருங்கள். நடுவில் புள்ளிகள் கோட்டோடு ஒட்டிக்கிடப்பது பல பரம்பல்களிலும் நடக்கும். நம் ஆயிடையைக் கெடுப்பவை இரண்டு நுனிகளும்தான்.

செவ்வன் பரம்பலா என்று பார்க்கும் ஷபிரோ–வில்க் சோதனையையும் ஓட்டலாம்; மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது. ஆனால் 16 எண்களை வைத்து அது "செவ்வன் பரம்பல் அல்ல என்பதற்குச் சான்று இல்லை" என்று சொன்னால், அதை "செவ்வன் பரம்பல்தான்" என்று எழுதிவிடாதீர்கள். இவ்வளவு சிறிய மாதிரியில் தடித்த ஓரங்கள் எளிதில் ஒளிந்துகொள்ளும். கட்டி விழுவது இருநூறு பொதிக்கு ஒருமுறை என்றால் 16 பொதிகளில் அது பெரும்பாலும் வரவே வராது. இங்கே என் அனுபவத்தில் அதிகம் உதவுவது பழைய பதிவேடுதான். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் நிறுத்த சில நூறு எடைகளை, அமைப்பு மாறாத நாட்களுக்கு உரியவற்றை மட்டும், ஒன்றாக வைத்து அதே வரைபடத்தைப் போடுங்கள். பதினாறு சொல்லாததை அது சொல்லும்.

அப்படிப் பார்த்தபோதுதான் இந்த ஆலையில் இன்னொன்று தெரிந்தது. முன்பு இரண்டு குழாய்களால் நிரப்பிய காலத்து எடைகளில் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு குழாய் கொஞ்சம் கூடப் போட்டது, மற்றது கொஞ்சம் குறையப் போட்டது. இரண்டையும் கலந்து மாறற்றிறன் கண்டால் வருவது எந்தக் குழாயின் ஆட்டமும் அல்ல. அங்கே செய்யவேண்டியது பொதியில் குழாய் எண்ணைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆயிடை போடுவதே.

நிபந்தனை உடைந்திருந்தால்

முதலில் காரணத்தைத் தேடுங்கள். 105.0 கிராம் பொதியைப் பிரித்துப் பார்த்தபோது கட்டி கண்ணுக்குத் தெரிந்தது. காரணம் தெரிந்து, அதை நிறுத்தவும் முடியுமானால், நிறுத்திவிட்டுப் புதிய மாதிரி எடுக்கலாம். ஆலையில் புனலுக்கு மேலே சல்லடை ஒன்றைப் பொருத்தினார்கள்; மூட்டைகளை மூடிவைக்கும் வழக்கமும் வந்தது. ஆனால் காரணம் தெரியாமல், எண் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பொதியைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. அந்தப் பொதியும் கடைக்குப் போகும் பொதிதான். நீக்கிவிட்டுப் போட்ட ஆயிடை, இல்லாத ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேசும்.

தடித்த ஓரங்கள் அந்த வேலையின் இயல்பாகவே இருந்தால், அட்டவணைக்குள் போகும் படிகளைக் குறைத்துக்கொள்ளும் எளிய திருத்தம் ஒன்று இருக்கிறது. அட்டவணை 2 என்று நினைக்கும் இடத்தில் உண்மையில் 2 + γ இருப்பதால், சுயாதீனப் படிகளை 1 + γ/2 ஆல் வகுத்துவிடுகிறோம். சில நூறு பழைய எடைகளிலிருந்து γ ஏறத்தாழ 3 என்று வந்தால், 15 படிகள் 15 ÷ 2.5 = 6 படிகளாகின்றன. 6 படிகளுக்கான அட்டவணை எண்கள் 1.237, 14.449. கட்டி விழுந்த மாதிரியின் மாறற்றிறன் 2.256 ஐ எடுத்துக்கொண்டால்:

```
6 × 2.256 / 14.449 = 0.94
6 × 2.256 / 1.237  = 10.94
```

நியம விலகலில் இது 0.97 கிராம் முதல் 3.31 கிராம் வரை. திருத்தாத ஆயிடை 1.11 முதல் 2.32 வரை என்று சொல்லியிருந்தது. அகலம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. அந்தப் பதினாறு பொதிகளுக்குள் உண்மையில் இருந்த அறிவு அவ்வளவுதான். இது தோராயமான திருத்தம் என்பதை மறக்கவேண்டாம். γ ஐ அதே 16 எடைகளிலிருந்து கணித்துப் போட்டால் திருத்தத்தையே நம்ப முடியாது. நான்காம் அடுக்கு வரை போகும் எண்ணை அவ்வளவு சிறிய மாதிரி தாங்காது. நீண்ட பதிவேடு இல்லாத இடத்தில் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

எடைகளுக்கு மடக்கை எடுத்து மணி வடிவத்துக்குக் கொண்டுவரும் வழியையும் சிலர் சொல்வார்கள். வலப்பக்கம் மட்டும் நீளும் பரம்பலில் அது வடிவத்தைச் சீராக்கக்கூடும். ஆனால் அதன் பிறகு கிடைப்பது மடக்கை எடையின் மாறற்றிறனுக்கான ஆயிடை. எல்லைகளை மட்டும் திருப்பிக் கிராமாக்கிவிட்டு "எடையின் மாறற்றிறன்" என்று எழுதினால் அது வேறொரு கேள்விக்கான விடை. 100 கிராமைச் சுற்றி ஓரிரு கிராம் மட்டும் ஆடும் எடைகளில் மடக்கை வடிவத்தை மாற்றவும் மாட்டாது.

சல்லடை பொருத்திய பிறகு ஒரு வாரம் முழுவதும் எடுத்த பொதிகளை வரைபடத்தில் போட்டோம். ஓரங்கள் கோட்டோடு நின்றன. அதன் பிறகே பழைய சூத்திரத்துக்குத் திரும்பினேன். முதலாளிக்குக் கொடுத்த தாளில் ஆயிடையின் இரண்டு எல்லைகள், எத்தனை பொதிகள், எந்த நாட்களில் எடுத்தவை, பக்கத்தில் அந்த வரைபடம் ஆகிய நான்கையும் வைத்தேன். அவர் எல்லைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, வரைபடத்தின் வலப்பக்க நுனியில் விரலை வைத்துக் கேட்டார்: "கட்டி விழுந்தால் இந்த இடத்தில்தானே தெரியும்?" ஆம் என்றேன். இப்போது நான் போகாத வாரங்களிலும் அந்த நுனியை அவரே பார்த்துக்கொள்கிறார்.